கூடிப்போன மரியாதை

அந்த ஆபீஸில் ஜப்பானிய எழுத்து தெரியும் கம்ப்யூட்டர் இரண்டே இரண்டுதான் இருந்தது. ஒன்று ஜப்பானிய மேனேஜர் மேசையில், இன்னொன்று என் மேசையில். மற்றவர்கள் யாருக்காவது ஜப்பானிலிருந்து மெயில் வந்தால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறியாகவும் தெரியும். உடனே என் இன்டர்காம் அடிக்கும். "மேடம், சைனீஸ் மெயில் ஒண்ணு வந்திருக்கு" என்பார்கள். முதலில் ஒரு வருடம் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

நாங்கள் துபாயிலிருந்து சவூதியில் ஜுபைலில் உள்ள ஒரு ரசாயன ப்ளாண்ட்டுக்கு உதிரிபாகங்கள் வாங்கிக் கொடுக்கிற கம்பெனி. அங்கே ஓடுகிற பம்புகள் ஜப்பானியப் பம்புகள். அவற்றின் சீல்கள், அதாவது சுழலும் தண்டைச் சுற்றி ரசாயனம் வெளியே கசியாமல் அடைக்கிற வளையங்கள், ஒசாகா பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையிலிருந்துதான் வரவேண்டும். அந்தத் தொழிற்சாலையோடு ஜப்பானிய மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்துவது என் வேலை. சென்னையில் மாலை வகுப்பில் நாலு வருடம் படித்த மொழி. திருச்சியில் என் அம்மா அதை 'அந்தக் கோழிக் கிறுக்கல்' என்பாள். அந்தக் கிறுக்கல்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தது.

என் கணவர் அதே ஜுபைல் ப்ளாண்ட்டில் மெயின்டனன்ஸ் ஷிப்ட் சூப்பர்வைசர். கேம்ப்பில் இருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லீவில் துபாய் அல் குசைஸில் எங்கள் ஃப்ளாட்டுக்கு வருவார். வந்தால் முதல் இரண்டு நாள் தூங்குவார். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா தூங்குகிற அறைக் கதவைத் திறந்து பார்த்து, இருக்கிறார் என்று உறுதி செய்துகொண்டு, சத்தமில்லாமல் மூடிவிட்டுப் போவாள்.

ஒசாகாவில் என்னோடு எழுதிக்கொண்டிருந்தவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு விற்பனை அதிகாரி. அவரை நான் பார்த்ததே இல்லை. குரலைக்கூட இரண்டு மூன்று முறைதான் கேட்டிருப்பேன். ஆனால் மூன்று வருடம் கிட்டத்தட்ட தினமும் எழுதினோம். எழுதி எழுதி அவரை நான் அறிந்தது, பெரும்பாலும் மெயில்களின் கடைசி வரியால்.

ஜப்பானிய அலுவலக மெயில் எதுவானாலும் முடிகிற வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். 'யோரோஷிகு ஒனெகாய்' என்று தொடங்கும். தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள், உங்களைத்தான் நம்பியிருக்கிறேன் என்கிற மாதிரி ஒரு வேண்டுகோள். அதன் வாலில்தான் எல்லாம் இருக்கிறது. 'ஒனெகாய் ஷிமாஸ்' என்றால் சாதாரண மரியாதை, தெரிந்தவர்களுக்குள் போதும். 'ஒனெகாய் இதாஷிமாஸ்' என்றால் சொல்கிறவர் தன்னை ஒரு படி தாழ்த்திக்கொள்கிறார். 'ஒனெகாய் மோஷிஅகெமாஸ்' என்றால் இன்னும் கீழே நின்று, நிமிர்ந்து பார்த்து விண்ணப்பிக்கிறார். முன்னால் 'நானிதொஜோ' என்று ஒன்றைச் சேர்த்துவிட்டால் அதற்கு மேல் குனிய இடமில்லை. மறுபக்கம், வாலே இல்லாமல் வெறும் 'யோரோஷிகு' என்று விட்டால் நம் ஊரில் கீழே வேலை செய்கிறவனிடம் 'பாத்துக்கப்பா' என்று சொல்லிவிட்டு நடப்பது மாதிரி. அதற்கு முன்னால் 'இஜோ' என்று போட்டால், 'இவ்வளவுதான் விஷயம்' என்று ஃபைலை மூடுகிற சத்தம்.

அந்தப் பெரியவர் முதல் வருடம் முழுக்க 'நானிதொஜோ' போட்டு, 'மோஷிஅகெமாஸ்' என்று முடித்தார். நாங்கள் வாடிக்கையாளர், அவர் விற்பவர், அது முறைதான். இரண்டாவது வருடம் 'நானிதொஜோ' காணாமல் போனது, வால் 'இதாஷிமாஸ்' ஆனது. ஒருமுறை அவர் அனுப்பிய பெட்டி ஜெபல் அலி துறைமுகத்தில் எங்கோ சிக்கிக்கொண்டது. க்ளியரிங் ஏஜென்டோடு இரண்டு நாள் நானே வெயிலில் அலைந்து கண்டுபிடித்து எழுதினேன். அதற்கு வந்த பதில் 'ஒனெகாய் ஷிமாஸ்' என்று முடிந்திருந்தது. அதற்குக் கீழே, அங்கே இப்போது கடும் கோடையாக இருக்குமே, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி. அன்றைக்கு எனக்கு நாற்காலியில் யாரோ ஒரு தலையணை வைத்தது போல இருந்தது. வயதில் மூத்தவர் என்பதால் நான் மட்டும் 'இதாஷிமாஸ்' என்பதை விடவில்லை.

அந்த வால் இறங்கியதற்குப் பலனும் இருந்தது. ப்ளாண்ட்டில் பம்பு ஏதாவது கசியத் தொடங்கிவிட்டது என்று நான் ஒரு வரி எழுதினால் போதும். ஆர்டர் பேப்பர் போய்ச் சேருமுன்பே ஒரு செட் சீலை எடுத்து எங்களுக்கென்று ஒதுக்கி வைத்துவிடுவார். ஒப்பந்தப்படி பதினான்கு வாரம். அவர் கையால் மூன்று வாரத்தில் வந்துவிடும். ஒப்பந்தத்தில் இல்லாத இந்த உதவியை ஆபீஸில் எல்லோரும் ஒப்பந்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடம் ப்ளாண்ட்டில் பெரிய ஷட்டவுன் வந்தது. எல்லாவற்றையும் நிறுத்தி, பிரித்து, மாற்றி, திரும்ப ஓட்டவேண்டும். பழைய பம்பு ஒன்றில் சீல் மோசமான நிலையில் இருப்பதாகத் தகவல் வந்தது. எங்கள் ஜப்பானிய மேனேஜர் ஊருக்கு லீவில் போயிருந்தார். அங்கிருந்து எனக்கு நாலு வரியில் ஒரு மெயில் போட்டார். சீல் எப்போது வரும் என்று இந்த வாரமே உறுதி வாங்கு, ஷட்டவுன் தேதி மாறாது, தாமதம் ஆகக்கூடாது, 'இஜோ, யோரோஷிகு'. அவர் எனக்கு மேலே, நான் அவருக்குக் கீழே. அதில் தப்பு ஒன்றும் இல்லை. அவர் எல்லா நாளும் எனக்கு அப்படித்தான் முடிப்பார்.

அது வியாழக்கிழமை, எங்களுக்கு அரை நாள். மகளுக்கு முந்தின நாளிலிருந்து காய்ச்சல், பக்கத்து ஃப்ளாட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். ஜப்பான் எங்களுக்கு ஐந்து மணி நேரம் முன்னால் ஓடுகிற ஊர். நான் பன்னிரண்டு மணிக்கு அனுப்பினால்தான் அவர்களுக்கு ஆபீஸ் மூடுமுன் கிடைக்கும். மேனேஜர் எழுதியதில் சீல் நம்பரும் தேதிகளும் சரியாக இருந்தன. அதை அப்படியே எடுத்து ஒசாகா மெயிலில் ஒட்டினேன். மேலே வணக்கம் சேர்த்தேன், நடுவில் இரண்டு வினையை மரியாதையாக மாற்றினேன். அதற்குள் பக்கத்து ஃப்ளாட்டிலிருந்து போன். குழந்தை வாந்தி எடுத்துவிட்டாள். அனுப்பு பட்டனை அழுத்திவிட்டு ஓடினேன்.

சனிக்கிழமை காலை ஆபீஸுக்கு வந்தபோது பதில் காத்திருந்தது. எங்களுக்கு வெள்ளி விடுமுறை. ஜப்பானில் அது வேலை நாள், அன்றைக்குக் காலையிலேயே எழுதியிருந்தார். முதல் வரியை இரண்டு தடவை படித்தேன். தங்கள் நிறுவனம் எங்கள்மேல் காட்டிவரும் தனிப்பெரும் ஆதரவுக்கு ஆழ்ந்த நன்றி என்று, புத்தாண்டு வாழ்த்து அட்டையில் அச்சடிப்பார்களே, அந்த மாதிரித் தொடக்கம். நடுவில், தங்கள் முறையான ஆர்டர் கிடைத்த நாளிலிருந்து ஒப்பந்தத்தில் குறித்த கால அளவுக்குள் அனுப்பிவைக்கப்படும். கடைசியில், இரண்டு வருடமாகப் பார்க்காத 'நானிதொஜோ', அதன் பின்னால் 'மோஷிஅகெமாஸ்'. வெயிலைப் பற்றி ஒன்றும் இல்லை.

அப்போதும் எனக்கு என் தப்பு தெரியவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லையோ, வேறு யாராவது எழுதினார்களோ என்றுதான் தோன்றியது. அனுப்பிய மெயிலைத் திறந்து கீழே போனேன். கடைசி வரியில், என் பெயருக்கு நேர் மேலே, மேனேஜரின் 'இஜோ, யோரோஷிகு' அப்படியே உட்கார்ந்திருந்தது.

என் அப்பா வயதுக்காரரிடம், 'அவ்வளவுதான், பாத்துக்க' என்று சொல்லியிருக்கிறேன்.

ப்ரொக்யூர்மென்ட் ஹெட்டிடம் போனேன். கொள்முதலுக்கு அவர்தான் பொறுப்பு. தூத்துக்குடிக்காரர், நல்ல மனிதர், எல்லாவற்றையும் சிரித்தே கடப்பவர். விஷயத்தைச் சொன்னேன். இரண்டு மெயிலையும் தமிழில் வரிக்கு வரி சொல்லிக் காட்டினேன்.

"இதுல என்னம்மா இருக்கு?" என்றார். "முன்னவிட இன்னும் மரியாதையாத்தான எழுதியிருக்காரு?"

"அதான் சார் பிரச்சினை. மரியாதை கூடிருச்சு."

"மரியாதை கூடினா பிரச்சினையா? எங்கூர்ல கொறஞ்சாத்தான் பிரச்சினை."

"சார், வீட்ல உங்க மிஸஸ் கூட சண்டைன்னு வைங்க. தினமும் 'என்னங்க'ன்னு கூப்பிடுறவங்க, ஒருநாள் 'ஐயா சாப்பிட வாறீகளா'ன்னு கேட்டா என்ன அர்த்தம்?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "அன்னைக்கு ஓட்டல்தான்" என்றார். பிறகு, "ஆனா இது பிசினஸ்மா. அவன் சீல் விக்கிறவன், நாம வாங்குறவன். ஒரு வார்த்தைக்காகக் கோவிச்சுக்கிட்டு யாவாரத்த விடுவானா?" என்று கேட்டார்.

"யாவாரத்த விடமாட்டாரு சார். ஒப்பந்தப்படி பதினாலு வாரத்துல கரெக்டா அனுப்புவாரு. அதுதான் பயமா இருக்கு."

"எதுக்கும் ஒரு ஃபாலோ-அப் மெயில் போட்டு வை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபைலைத் திறந்தார்.

போன் செய்து பார்த்தேன். சனி, ஞாயிறு அங்கே விடுமுறை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. வாரத்தில் இரண்டு ஊரும் ஒன்றாக விழித்திருப்பது திங்களிலிருந்து வியாழன் மதியம் வரைதான். திங்கட்கிழமை ஏழரைக்கே வந்து கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். அவர் இப்போது இருக்கையில் இல்லை என்றாள், மிக இனிமையாக. பத்து மணிக்கும் இல்லை. பன்னிரண்டுக்கும் இல்லை. செவ்வாய்க்கிழமை நான் பெயரைச் சொன்னதுமே, மன்னிக்கவும், இருக்கையில் இல்லை என்று வந்துவிட்டது.

அந்த இரண்டு நாளில் எனக்கு ஒன்று புரிந்தது. நான் தப்பும் தவறுமாக ஜப்பானிய மொழி எழுதுகிறவளாக இருந்திருந்தால் அவர் சிரித்துவிட்டு விட்டிருப்பார். வெளிநாட்டுக்காரி, என்ன தெரியும் என்று. மூன்று வருடம் ஒரு வால்கூடப் பிசகாமல் எழுதியிருந்தேன். அதனால் இந்த வாலும் தெரிந்தே வைத்தது என்று எடுத்துக்கொண்டார். கம்பெனி உங்களை இனி இப்படித்தான் நடத்தும் என்று என் மூலமாகச் சொல்லியனுப்பியதாக நினைத்திருப்பார். நன்றாகக் கற்றுக்கொண்டதற்கு இப்படி ஒரு விலை இருக்கும் என்று அந்த மாலை வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

மன்னிப்பு மெயில் எழுத உட்கார்ந்தேன். எப்படி முடிப்பது? 'நானிதொஜோ' போட்டு 'மோஷிஅகெமாஸ்' என்றால் அவருடைய சுவருக்கு எதிரே நானும் ஒரு சுவர் கட்டினது மாதிரி. பழையபடி 'இதாஷிமாஸ்' என்றால் எதுவுமே நடக்காதது மாதிரி. மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அழித்தேன். மேனேஜர் வரட்டும் என்று வைத்துவிட்டேன்.

மேனேஜர் அடுத்த வாரம் திரும்பினார். நாற்பது வயது, அதிகம் பேசாதவர். மெயில்களை அவர் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். படித்தார். பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுத்தார். ஜப்பானியர்கள் அப்படி இழுத்தால் நல்ல செய்தி இல்லை.

"என் வாசகம்" என்றார்.

"நான்தான் ஒட்டினேன், சார்."

"ஆமாம்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

மெயில் வேண்டாம், குரலில்தான் கேட்கவேண்டும் என்று போனை எடுத்தார். அவருக்கு அந்தப் பெரியவர் கிடைத்தார். ரிசீவரைப் பிடித்துக்கொண்டே சுவரைப் பார்த்துத் தலை குனிந்து குனிந்து பேசினார். எதிர்முனையிலிருந்து இல்லை இல்லை, அப்படியெல்லாம் ஒன்றுமே இல்லை என்று வருவது எனக்குக் கேட்டது. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. வைத்துவிட்டு வேறு ஒரு நம்பரைப் போட்டார், அதே தொழிற்சாலையில் பட்டறைப் பிரிவில் தெரிந்த ஒருவர். அதை வைத்தபின் என்னிடம் சொன்னார்: "ஷட்டவுன் என்று தெரிந்ததுமே நமக்கென்று ஒரு செட் எடுத்து வைத்திருந்தாராம். போன திங்கட்கிழமை அதை வேறு வாடிக்கையாளருக்கு விட்டுவிட்டார்."

திங்கட்கிழமை. நான் காலை ஏழரையிலிருந்து போன் அடித்துக்கொண்டிருந்த அதே நாள்.

"திரும்பக் கேட்க முடியாதா, சார்?"

"எடுத்து வைத்ததாக அவர் நம்மிடம் சொல்லவே இல்லையே" என்றார் மேனேஜர். "இல்லாததை எப்படிக் கேட்பது?"

சீல் பதினான்கு வாரத்தில் வந்தது. ஒரு நாள் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதற்குள் ப்ளாண்ட்டில் ஷட்டவுன் முடியவேண்டிய நாள் கடந்துவிட்டது. அந்த ஒரு பம்புக்காக ஒரு பிரிவையே ஓட்டமுடியாமல் வைத்திருந்தார்கள். மெயின்டனன்ஸ் ஆட்கள் எல்லோருக்கும் லீவு கேன்சல்.

கேம்ப்பிலிருந்து கணவர் போன் செய்தார். ஏப்ரலில் திருச்சியில் அவர் தங்கை கல்யாணம். மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டிருந்தோம்.

"லீவு கலாஸ், முடிஞ்சுது" என்றார். "கெடையாதுன்னுட்டான். சீல் வராம ஒருத்தரும் நகரக்கூடாதாம். நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க."

சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த சீல் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும், ஏன் வரவில்லை என்று தெரியாது. சொன்னேன். அவருக்குப் பின்னால் யாரோ இந்தியில் பேசுவது கேட்டது.

"ஒரு வார்த்தைக்காடி?" என்றார்.

"ரெண்டு வார்த்தை."

அவர் சிரித்தார். கோபமாகச் சிரிக்கவில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்தவருக்குக் கோபப்படவும் தெம்பு வேண்டும். "சரி, வை. குளிக்க க்யூ நிக்குது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். "அம்மா, இஸ் அப்பா கமிங் ஆர் நாட்?" என்று கேட்டாள்.

"அப்பாவுக்கு டூட்டிம்மா."

அல் குசைஸில் அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அது பழகிய பதில்.

கல்யாணத்துக்கு நானும் மகளும் போய் வந்தோம். பெண்ணின் அண்ணன் ஏன் வரவில்லை என்று எத்தனை பேர் கேட்டார்களோ அத்தனை பேருக்கும் ஷட்டவுன் என்றேன். அதையும் யாரும் புரிந்துகொள்ளவில்லை.

ஒசாகாவிலிருந்து மெயில்கள் தொடர்ந்து வந்தன. எல்லாம் உச்சபட்ச மரியாதையோடு. கேட்டதற்குச் சரியாகப் பதில், கேட்காதது ஒன்றும் இல்லை. எட்டு மாதம் அப்படியே போனது. அந்தக் கடைசி வரியைப் பார்க்காமலே மெயிலை மூடப் பழகிக்கொண்டேன். ஆனாலும் கண் போகும்.

ஒருநாள் மதியம், வேலை குறைவாக இருந்த நேரத்தில், மேனேஜரிடம்கூடக் கேட்காமல் எழுதினேன். கம்பெனி சார்பில் எழுதவில்லை, என் பெயரில். அலங்காரத் தொடக்கம் எதுவும் போடவில்லை. அந்த வியாழக்கிழமை நடந்ததை நடந்தபடி எழுதினேன். அது மேனேஜர் எனக்கு எழுதிய வாசகம். குழந்தைக்கு உடம்பு சரியில்லை, அவசரத்தில் ஒட்டினேன், கடைசி வரியைப் பார்க்கவில்லை. மூன்று வருடத்தில் ஒருமுறைகூட உங்களை அப்படி நினைத்ததில்லை. இதைச் சொல்ல எட்டு மாதம் எடுத்துக்கொண்டதற்கு வேறு காரணம் இல்லை, வெட்கம்தான். முடிக்கும்போது யோசிக்கவில்லை, கை பழக்கத்தில் 'இதாஷிமாஸ்' என்று போட்டது.

மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள் வந்தது. குழந்தை இப்போது நலமா என்று முதல் வரியிலேயே கேட்டிருந்தார். எழுபதுகளின் கடைசியில், ஜுபைலில் மணலைத் தவிர எதுவும் இல்லாத காலத்தில், முதல் பம்புகளைப் பொருத்த அவர் அங்கே வந்திருக்கிறார். டின் கூரைக் கேம்ப்பில் ஒரு வருடம் இருந்தாராம். ஊரில் அப்போதுதான் அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. திரும்பிப் போனபோது அது அவரைக் கண்டு அழுததாம். அதனால்தான் அந்த ப்ளாண்ட்டிலிருந்து கேட்டால் சீக்கிரம் அனுப்பவேண்டும் என்று தோன்றும், அங்கே நிற்கிறவர்கள் வீட்டுக்குப் போகவேண்டுமே என்று எழுதியிருந்தார். ஒதுக்கி வைத்த செட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. வருகிற மார்ச்சோடு ஓய்வு பெறுவதாகவும், தனக்குப் பின் வருபவர் தொடர்புகொள்வார் என்றும் இருந்தது.

கடைசி வரிக்கு வந்தேன். 'நானிதொஜோ' இல்லை. வால் 'இதாஷிமாஸ்'. பழைய 'ஷிமாஸ்' வரைக்கும் இறங்கவில்லை. அதற்கு இன்னும் ஒரு வருடமாவது ஆகியிருக்கும், அவரிடம் அந்த ஒரு வருடம் இல்லை.

என் கணவர் அங்கேதான் இருந்தார், அவருடைய லீவுதான் கேன்சல் ஆனது என்பதை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் அவருக்கு அது பாரமாக இருந்திருக்கும்.

ஏப்ரலில் புது ஆள் எழுதத் தொடங்கினார். இளைஞர், வேகமானவர், பதில் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். அவருடைய எல்லா மெயிலும், ஒரே ஒரு வரி இருந்தால்கூட, 'நானிதொஜோ' போட்டு 'மோஷிஅகெமாஸ்' என்றுதான் முடியும். அவர் கையெழுத்துப் பகுதியோடு சேர்த்து அதைக் கம்ப்யூட்டரிலேயே நிரந்தரமாக வைத்துவிட்டார் என்பது இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. அவர் சந்தோஷமாக இருக்கிறாரா, எரிச்சலில் இருக்கிறாரா என்று அந்த வரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. சீல் பதினான்கு வாரத்தில் வரும். ப்ரொக்யூர்மென்ட் ஹெட், "இவரு ரொம்ப மரியாதக்காரரு போலயே" என்றார். ஆமாம் சார் என்றேன்.